நோட்டுப் புத்தகத்துக்கு எத்தனை சதவீதம்? சாட்பாட்டின் நினைவா, வெப் தேடலா, சொந்த அட்டவணையா

ஒரு மொத்த ஸ்டேஷனரிக் கடையை எடுத்துக்கொள்வோம். பில் போடும் இடத்தில் இரண்டு பையன்கள், உள்ளே கணக்கு பார்க்கும் ஒருவர். எதற்கு எத்தனை சதவீத ஜிஎஸ்டி என்ற கேள்வி நாள் முழுக்க வந்துகொண்டே இருக்கும். அதற்குப் பதில் சொல்ல ஒரு சாட்பாட்டை வைத்துக்கொள்ளலாமா என்று முதலாளி கேட்கிறார். வைத்துக்கொள்ளலாம். ஆனால் மாடலை அப்படியே நம்புவதா, வெப் தேடலையும் சேர்த்து வாங்குவதா, கடையே ஒரு விகித அட்டவணை தயாரித்து மாடலிடம் கொடுப்பதா என்பதை முதலில் தீர்மானிக்க வேண்டும். இந்த மூன்றும் ஒரே கேள்விக்கு எப்படி வெவ்வேறு பதில் சொல்லும் என்று பார்த்தால் முடிவு எளிதாகிவிடும்.

கேள்வி இதுதான்: பள்ளிப் பிள்ளைகள் எழுதும் நோட்டுப் புத்தகத்துக்கு என்ன ஜிஎஸ்டி?

2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்தபோது அது 12 சதவீதம். எட்டு வருடம் அப்படியே இருந்தது. 2025 செப்டம்பர் 3ஆம் தேதி நடந்த 56ஆவது ஜிஎஸ்டி கவுன்சில் கூட்டத்தில் 12, 28 என்ற இரண்டு படிகளையும் எடுத்துவிட முடிவானது. பெரும்பாலான பொருள்கள் 5க்கும் 18க்கும் போயின, சிலவற்றுக்கு 40 வந்தது, நோட்டுப் புத்தகம், பென்சில் போன்றவற்றுக்கு வரியே இல்லை என்றானது. நடைமுறைக்கு வந்த நாள் செப்டம்பர் 22. ஆக இன்றைய சரியான பதில் பூஜ்யம்.

மாடல் ஏன் 12 என்கிறது

மொழி மாடல் என்பது ஏராளமான எழுத்தைப் படித்து, அடுத்து என்ன சொல் வரும் என்று கணிக்கப் பழகிய ஒன்று. அந்தப் பழக்கம் முழுவதும் கோடிக்கணக்கான எண்களாக அதற்குள் பதிந்துகிடக்கிறது. பயிற்சி முடிந்ததும் அந்த எண்கள் உறைந்துவிடும். அதற்குப் பிறகு நீங்கள் அதனிடம் எவ்வளவு பேசினாலும் அவை மாறாது. "இல்லப்பா, இப்போ வரி கிடையாது" என்று காலையில் நீங்கள் திருத்தினால் அந்த உரையாடலுக்குள் ஏற்றுக்கொள்ளும். பக்கத்து மேஜையில் இருப்பவர் புதிதாக ஒரு உரையாடலைத் தொடங்கினால் அங்கே மறுபடியும் 12தான் வரும். சில செயலிகள் உங்களைப் பற்றிய குறிப்புகளைச் சேமித்து வைத்து அடுத்த உரையாடலில் சேர்ப்பது உண்டு. அது மாடல் படித்துக்கொண்டது ஆகாது. பழைய குறிப்பை ஒவ்வொரு முறையும் அதன் முன்னால் வைக்கிறார்கள், அவ்வளவுதான்.

சரி, தினமும் பயிற்சி கொடுத்தால் என்ன? கட்டுப்படியாகாது. மெட்டா நிறுவனம் தன் லாமா 3.1 வரிசையின் பெரிய மாடலைப் பயிற்றுவிக்க 16,000 எச்100 சிப்களை ஓட்டியதாகவே வெளியிட்டிருக்கிறது. அந்த மாடல் படித்த எழுத்து 2023 டிசம்பர் வரையிலானது. பொதுமக்கள் கைக்கு வந்தது 2024 ஜூலையில். பயிற்சி முடிந்த பிறகு கேள்விக்கு ஒழுங்காகப் பதில் சொல்லப் பழக்குவது, ஆபத்தான பதில்கள் வருகின்றனவா என்று சோதிப்பது என்று மாதங்கள் ஓடிவிடுகின்றன. ஆக வெளிவரும் நாளிலேயே அது ஏழு மாதம் பழையது. சாட்ஜிபிடி 2022 நவம்பர் 30 அன்று வந்தபோது அதன் அறிவு 2021 செப்டம்பரோடு நின்றிருந்தது. அதன் பிறகு ஒரு மாடல் வருடக்கணக்கில் பயன்பாட்டில் இருக்கும், அதன் வயது நாளுக்கு நாள் கூடிக்கொண்டே போகும்.

இதுவரை பலருக்கும் தெரிந்த விஷயம். ஆனால் அறிவு நிற்கும் தேதியைக் கத்தி வைத்து வெட்டிய கோடாக நினைத்துக்கொள்வதில்தான் சிக்கல் வருகிறது. ஒரு மாடலின் பயிற்சி எழுத்து 2025 டிசம்பர் வரை போகிறது என்றே வைத்துக்கொள்வோம். அப்படியானால் செப்டம்பர் மாற்றம் அதற்குத் தெரிந்திருக்க வேண்டுமே? ஓரளவுக்குத்தான் தெரியும். நோட்டுக்கு 12 சதவீதம் என்று எட்டு வருடமாக எழுதிக் குவித்த பக்கங்கள் இணையத்தில் கிடக்கின்றன. வரி ஆலோசகர்களின் தளங்கள், பில்லிங் மென்பொருள் நிறுவனங்கள் போடும் எச்எஸ்என் எனும் பொருள் வகை எண்களின் பட்டியல்கள், கேள்வி பதில் பக்கங்கள் என எல்லாம் அதையே சொல்கின்றன. வரி இல்லை என்று சொல்லும் எழுத்து மூன்று மாத அளவுக்குத்தான் இருக்கும். எது அதிகம் வந்ததோ அதன் பக்கம்தான் கணிப்பு சாயும். எந்த நிகழ்வைப் பற்றியும் மக்கள் வருடக்கணக்கில் எழுதிக்கொண்டே இருப்பதால், அறிவு நிற்கும் தேதிக்கு முந்தைய சில மாதங்கள் எல்லா மாடலுக்கும் மங்கலாகத்தான் இருக்கும். அதனால் மாடலின் விளம்பரத்தில் போட்டிருக்கும் தேதியைப் பார்த்து, "நமக்கு வேண்டியது அதற்கு முன்னாடிதானே நடந்தது" என்று நிம்மதி அடையக் கூடாது.

இன்னொன்று, மாடலுக்குத் தானாக இன்றைய தேதி தெரியாது. கடிகாரம் எதுவும் அதற்குள் இல்லை. செயலியை நடத்துபவர்கள் உரையாடலின் தொடக்கத்தில், நம் கண்ணுக்குத் தெரியாத ஒரு குறிப்பில் தேதியை எழுதி அனுப்பினால்தான் தெரியும். அனுப்பாவிட்டால் தான் படித்த எழுத்து எந்தக் காலத்தில் முடிந்ததோ அதையே இன்று என்று எடுத்துக்கொள்ளும். ஒரு வருடம் ஓடிவிட்டது, இடையில் ஏதாவது மாறியிருக்கலாம் என்ற சந்தேகம் அதற்குப் பெரும்பாலும் எழாது. 12 என்ற பதில் அவ்வளவு உறுதியான தொனியில் வருவதற்குக் காரணம் இதுதான். அதன் உள்ளே அந்தப் பதிலை மறுக்கும் எதுவும் இல்லை, இருந்தாலும் மிகக் குறைவு.

இதனால் கடைக்கு என்ன நஷ்டம் என்றும் பார்த்துவிடுவோம். வரி இல்லாத பொருளுக்குத் தவறாக 12 சதவீதம் போட்டு வசூலித்துவிட்டால், வசூலித்த தொகையை அரசுக்குக் கட்டியே ஆக வேண்டும் என்கிறது மத்திய ஜிஎஸ்டி சட்டத்தின் 76ஆவது பிரிவு. வாங்கிய கடைக்காரர் அதைவிடக் கோபப்படுவார். பக்கத்துக் கடையில் வரியில்லாமல் கிடைக்கும் சரக்குக்கு உங்களிடம் அதிகம் கொடுத்திருப்பார்.

தேடலைச் சேர்த்தால் என்ன நடக்கிறது

வெப் தேடல் வசதி உள்ள சாட்பாட் என்றதும், மாடலே இணையத்துக்குள் போய் உலாவி வருவதாகத் தோன்றும். நடப்பது வேறு. மாடலைச் சுற்றி ஒரு சாதாரண நிரல் ஓடுகிறது. இன்ன பெயரில் ஒரு கருவி இருக்கிறது, தேவைப்பட்டால் கேள் என்று அந்த நிரல் மாடலிடம் முதலிலேயே சொல்லிவைக்கிறது. மாடல் தேட நினைத்தால் பதிலுக்குப் பதிலாக இப்படி ஒரு சிறு துண்டை எழுதும்:

```json
{"name": "web_search", "input": {"query": "GST rate exercise notebook 22 September 2025"}}
```

நிரல் இதைப் பிடித்து ஒரு தேடல் சேவைக்கு அனுப்பி, வந்த பக்கங்களின் எழுத்தை உரையாடலுக்குள் ஒட்டுகிறது. மாடல் அதைப் படித்துவிட்டுப் பதில் எழுதுகிறது. உறைந்த எண்கள் உறைந்தபடியே இருக்கின்றன. மாடல் புதிதாக எதையும் கற்றுக்கொள்ளவில்லை, கண் முன்னால் ஒரு காகிதம் வைக்கப்பட்டிருக்கிறது. நாளை இதே கேள்விக்கு அந்தக் காகிதம் இல்லாவிட்டால் மறுபடி 12தான்.

இந்த வரிசையில் பிழை நுழைய மூன்று வாசல்கள் இருக்கின்றன. முதல் வாசல், தேடுவதா வேண்டாமா என்ற முடிவு. அந்த முடிவைப் பெரும்பாலும் மாடல்தான் எடுக்கிறது. "நேற்றைய மேட்ச் என்ன ஆனது" என்று கேட்டால் கண்டிப்பாகத் தேடும், ஏனென்றால் கேள்வியிலேயே புதுமை தெரிகிறது. "நோட்டுப் புத்தகத்துக்கு என்ன ஜிஎஸ்டி" என்ற கேள்வி பாடப்புத்தகக் கேள்வி போலவே இருக்கிறது. எனக்குத்தான் தெரியுமே என்று தேடாமலேயே பதில் சொல்லிவிடக்கூடும். தேடல் வசதி இருந்தும் பழைய பதில் வருவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். கண்டுபிடிப்பது சுலபம்: பதிலோடு தேடியதற்கான அடையாளமோ மூலப் பக்கத்தின் இணைப்போ இல்லை என்றால் அது நினைவிலிருந்து வந்தது. கடைக்காக அமைக்கும்போது, வரி விகிதம் பற்றிய எந்தக் கேள்விக்கும் தேடாமல் பதில் சொல்லாதே என்று தொடக்கக் குறிப்பில் எழுதிவிட வேண்டும். இன்றைய தேதியையும் அங்கேயே சேர்க்க வேண்டும். தேதி இல்லாவிட்டால் தேடல் சொற்களிலேயே ஒரு பழைய வருடத்தைப் போட்டுத் தேடி, பழைய பக்கங்களையே அள்ளிக்கொண்டு வரும்.

இரண்டாவது வாசல், எந்தப் பக்கம் கிடைக்கிறது என்பது. நம் நோட்டுக் கேள்விக்கு இணையத்தில் மூன்று காலத்துப் பக்கங்கள் கலந்து கிடக்கின்றன. 2025 செப்டம்பருக்கு முந்தைய பக்கங்கள் 12 என்கின்றன. அவற்றில் பல வருடக்கணக்கில் தேடல் முடிவுகளில் மேலே இருந்து பழகியவை, தேதியும் போடாதவை. அடுத்து 2025 ஆகஸ்ட் 15 அன்று செங்கோட்டை உரையில் ஜிஎஸ்டி சீர்திருத்தம் தீபாவளிக்குள் வரும் என்று பிரதமர் அறிவித்ததற்கும் செப்டம்பர் 3க்கும் இடைப்பட்ட மூன்று வாரங்களில் வந்த கட்டுரைகள். 12 சதவீதத்தில் இருப்பவை அநேகமாக 5க்குப் போகும் என்பது அப்போதைய எதிர்பார்ப்பு. அதைப் படித்த மாடல் நோட்டுக்கும் 5 என்று சொல்லிவிடலாம். செப்டம்பர் 3க்குப் பிந்தைய பக்கங்கள்தான் பூஜ்யம் என்கின்றன. எதிர்பார்ப்பையும் முடிவையும் பிரித்துப் பார்க்காத பதில், பார்க்கப் புத்தம் புதியதாகவும், இணைப்போடும், தவறாகவும் இருக்கும். என்னைப் பொறுத்தவரை இந்த 5தான் அந்தப் பழைய 12ஐவிட ஆபத்து. 12 என்று கேட்டதும் கடைக்காரருக்கு உறுத்தும், 5 உறுத்தாது.

இதற்குத் தீர்வு, தேடும் இடத்தைக் குறுக்குவது. பல நிறுவனங்களின் தேடல் கருவிகளில் இதற்கு வழி உண்டு. கிளாட் மாடலை உருவாக்கும் ஆந்த்ரோபிக் நிறுவனத்தின் கருவியில் இப்படி:

```json
{
  "type": "web_search_20250305",
  "name": "web_search",
  "max_uses": 3,
  "allowed_domains": ["pib.gov.in", "gstcouncil.gov.in", "cbic.gov.in"]
}
```

இப்போது மத்திய அரசின் செய்திக் குறிப்பு, கவுன்சிலின் தளம், வரி வாரியத்தின் தளம் இந்த மூன்றில் மட்டும்தான் தேடும். யூகக் கட்டுரைகள் ஒரேயடியாக விலகிவிடும். கண்ட பக்கத்திலும் யாரோ ஒளித்து எழுதி வைத்த கட்டளைக்கு மாடல் கீழ்ப்படிந்துவிடும் அபாயமும் குறையும்.

மூன்றாவது வாசல், கிடைத்த பக்கத்தைச் சரியாகப் படிப்பது. அரசுத் தளம்தானே, இனி கவலை இல்லை என்று நினைக்கும் இடத்தில்தான் நோட்டுப் புத்தகம் மறுபடி சிக்க வைக்கிறது. புதிய விகிதங்களைக் கொண்டுவந்தது 2025 செப்டம்பர் 17 தேதியிட்ட 9/2025 மத்திய வரி விகித அறிவிக்கை. அதில் முதல் அட்டவணையின் தலைப்பு 2.5 சதவீதம், இரண்டாவது 9, மூன்றாவது 20. ஜிஎஸ்டியில் பாதி மத்திய அரசுக்கு, பாதி மாநிலத்துக்கு. இது மத்திய அரசின் பாதியை மட்டும் சொல்லும் அறிவிக்கை. நெய் முதல் அட்டவணையில் இருக்கிறது, அதன் ஜிஎஸ்டி 5. இந்த விஷயத்தைக் கோட்டைவிடும் மாடல் நெய்க்கு 2.5 என்று சொல்லி, அரசு அறிவிக்கையின் இணைப்பையும் கூடவே கொடுக்கும்.

நோட்டின் கதை இன்னும் நுட்பமானது. வரி இல்லாத பொருள்கள் 9/2025இல் கிடையாது, அவற்றுக்குத் தனியாக 10/2025 அறிவிக்கை இருக்கிறது. 9/2025ஐ மட்டும் திறந்து 4820 என்ற எச்எஸ்என் எண்ணைத் தேடினால் இரண்டாவது அட்டவணையில் கிடைக்கும். ஆனால் அங்கே இருப்பது ரெஜிஸ்டர், கணக்குப் புத்தகம், டைரி வகையறா. அவற்றுக்கு 18 சதவீதம். பள்ளி நோட்டும் கணக்கு ரெஜிஸ்டரும் ஒரே நான்கு இலக்க எண்ணில் வருவதால், எண் பொருந்துகிறது என்று மாடல் 18 என்று சொல்லிவிடலாம். ஆக ஒரே நோட்டுக்கு நினைவிலிருந்து 12, யூகக் கட்டுரையிலிருந்து 5, அரைகுறையாகப் படித்த அரசு அறிவிக்கையிலிருந்து 18 என்று மூன்று தவறான பதில்களுக்கு வழி இருக்கிறது. அரசு இணைப்பு இருக்கிறது என்பதற்காகப் பதில் சரி என்று ஆகிவிடாது. இணைப்பைத் திறந்து, அந்த வரியில் நம் பொருளின் பெயர் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

இத்தனையும் சொன்னதால் தேடல் வேண்டாம் என்கிறேன் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். செப்டம்பர் 3 இரவு வந்த முடிவை 4ஆம் தேதி காலையில் கேட்டால், மூன்று வழிகளில் தேடலுக்கு மட்டும்தான் அது தெரியும். மாடலின் நினைவில் அது ஏற வருடம் ஆகலாம், அட்டவணையில் ஏற யாராவது உட்கார்ந்து தட்டச்சு செய்ய வேண்டும். செய்திக் குறிப்பில் பழைய விகிதம், புதிய விகிதம் என்று இரண்டு பத்திகளாகப் பொருள்வாரியாகவே போட்டிருந்தார்கள். அதை எடுத்துப் படிக்கும் மாடல் நோட்டு, கிராஃப் நோட்டு, லேப் நோட்டு மூன்றுக்கும் வரி இல்லை என்று சரியாகவே சொல்லும். செலவும் பெரிதில்லை. 2025இல் ஆந்த்ரோபிக் இதற்கு வைத்த விலை ஆயிரம் தேடலுக்கு 10 டாலர். கொண்டுவந்து ஒட்டும் எழுத்துக்கான கட்டணம் தனி. பில் போடும் பையனுக்குத் தொல்லை தருவது காத்திருப்புதான். தேடி, பக்கத்தைத் திறந்து, படித்துச் சொல்லச் சில விநாடிகளாவது ஆகும். வரிசையில் ஆள் நிற்கும்போது அது நீளமாகத்தான் தெரியும்.

சொந்த அட்டவணை

மூன்றாவது வழியில் மாடல் எதையும் நினைவுபடுத்திக்கொள்ள வேண்டியதில்லை, இணையத்திலும் தேட வேண்டியதில்லை. கடையில் விற்கும் பொருள்களின் பட்டியலைக் கணக்கரே தயாரித்து வைக்கிறார். வெப் தேடலைக் கொடுத்தது போலவே இந்த அட்டவணையைப் பார்க்கும் ஒரு கருவியை மாடலிடம் கொடுக்கிறோம். எச்எஸ்என் எண், பொருள், சதவீதம், தொடக்கத் தேதி, முடிவுத் தேதி என்ற வரிசையில் அது இப்படி இருந்தால் போதும்:

```
4820 | பள்ளி நோட்டு     | 12 | 2017-07-01 | 2025-09-21
4820 | பள்ளி நோட்டு     |  0 | 2025-09-22 |
4820 | கணக்கு ரெஜிஸ்டர் | 18 | 2017-07-01 |
```

இதன் உயிர் கடைசி இரண்டு பத்திகளில் இருக்கிறது. எந்த நாளிலிருந்து எந்த நாள் வரை என்ற தகவல் ஏன் அவ்வளவு முக்கியம் என்பதற்கு ஒரு கணக்கு போட்டுக் காட்டுகிறேன்.

செப்டம்பர் 5ஆம் தேதி ஒரு சில்லறைக் கடைக்கு 40,000 ரூபாய்க்கு நோட்டு அனுப்பினோம். அன்றைய வரி 12 சதவீதம், 4,800 ரூபாய். மொத்தம் 44,800க்கு இன்வாய்ஸ். அக்டோபர் நடுவில் அவர், பைண்டிங் பிரிந்துவிட்டது என்று 5,000 ரூபாய்ச் சரக்கைத் திருப்பி அனுப்புகிறார். கிரெடிட் நோட் போட வேண்டும். பையன் சாட்பாட்டிடம் கேட்கிறான்: நோட்டு ரிட்டர்ன் வந்திருக்கிறது, எத்தனை சதவீதம்?

கிரெடிட் நோட் பழைய இன்வாய்ஸைத் திருத்துவதற்கான தாள். அந்த விற்பனை நடந்தபோது 12 சதவீதம் வரி போட்டிருக்கிறோம், ஆகவே திரும்பி வந்த 5,000க்கு 600 ரூபாய் வரியையும் சேர்த்துக் குறைக்க வேண்டும். மொத்தம் 5,600. இங்கே 12தான் சரி. வெப் தேடலோடு ஓடும் சாட்பாட், சமீபத்தியதைத் தேடி எடுத்து, நோட்டுக்கு வரி இல்லை, 5,000க்கு மட்டும் போடுங்கள் என்று சொல்ல எல்லா வாய்ப்பும் உண்டு. தேடல் முழுக்கப் புதியதை நோக்கி வளைந்திருக்கிறது. நேற்று எது உண்மையாக இருந்தது என்ற கேள்விக்கு அது சரிப்படாது. இதில் நினைவை மட்டும் நம்பிய பழைய மாடல் 12 என்று சரியாகச் சொல்லியிருக்கும், அதுவும் தற்செயலாக. அட்டவணையில் இன்வாய்ஸ் தேதியைக் கொடுத்துக் கேட்டால் செப்டம்பர் 5க்கு உரிய வரியைப் பார்த்து 12 என்று வரும், தற்செயலுக்கு இடமில்லை.

சில நூறு பொருள் விற்கும் கடைக்கு இந்த அட்டவணையைத் தயாரிப்பது ஒரு மாலை நேர வேலை, அதில் பாதி ஏற்கெனவே பில்லிங் மென்பொருளில் இருக்கும். வரி இல்லாத பொருள், 18 சதவீதப் பொருள் என்று ஒரே எண்ணுக்குள் பிரிவதை மனிதர் ஒருவர் ஒருமுறை சரியாகப் படித்து எழுதிவிட்டால், மாடல் ஒவ்வொரு முறையும் அறிவிக்கையைப் படித்துத் தடுமாற வேண்டியதில்லை. பதிலும் உடனே வரும்.

இதன் பலவீனமும் அதே மனிதர்தான். அவர் புதுப்பிக்காவிட்டால் அட்டவணை உறைந்துவிடும், உறைந்த மாடலைப் போலவே உறுதியாகத் தவறு சொல்லும். பட்டியலில் இல்லாத பொருள் வந்தால் தெரியாது என்று சொல்ல வைக்க வேண்டும். அதை எழுதிவைக்காவிட்டால் கருவி வெறுங்கையோடு திரும்பியதும் மாடல் தன் நினைவிலிருந்து ஒரு எண்ணை எடுத்து நீட்டிவிடும். கிடைக்கவில்லை என்றால் கணக்கரைக் கேள் என்று தொடக்கக் குறிப்பில் ஒரு வரி சேர்த்தால் இது பெருமளவு அடங்கும்.

மாடலுக்கே கூடுதல் பயிற்சி கொடுத்துப் புதிய விகிதங்களைப் புகட்டுவது என்று ஒரு நான்காவது வழியும் சிலர் சொல்வார்கள். நடையையும் வடிவத்தையும் பழக்க அது உதவும். எட்டு வருட 12ஐ அழித்துவிட்டு அந்த இடத்தில் 0ஐ உட்கார வைப்பதற்கு அது நம்பகமான வழி இல்லை. அடுத்த கவுன்சில் கூட்டத்துக்குப் பிறகு மறுபடி பணம் கட்ட வேண்டும். இந்த வேலைக்கு அதைப் பற்றி இதற்கு மேல் யோசிக்க வேண்டாம்.

எதை வாங்குவது

அந்த முதலாளிக்கு நான் சொல்வது: பில் போடும் இடத்தில் அட்டவணை. பையன்கள் கேட்கும் சாட்பாட்டுக்கு வெப் தேடலைக் கொடுக்கவே வேண்டாம். அவர்களுக்கு வேண்டியது வேகமும் ஒரே பதிலும். வெப் தேடல் உள்ளே இருக்கும் கணக்கரின் சாட்பாட்டுக்கு, மேலே காட்டியது போல மூன்று அரசுத் தளங்களுக்குள் மட்டும். அவர் அதை விகிதம் கேட்கப் பயன்படுத்தக் கூடாது, மாற்றம் ஏதாவது வந்திருக்கிறதா என்று கேட்கப் பயன்படுத்த வேண்டும். வந்திருந்தால் இணைப்பைத் திறந்து தானே படித்து அட்டவணையில் ஒரு புதிய வரி சேர்க்க வேண்டும். பழைய வரியை அழிக்கக் கூடாது, அதற்கு முடிவுத் தேதி மட்டும் போட வேண்டும். எந்தக் கருவியும் இல்லாத மாடல், வாடிக்கையாளருக்குக் கடிதம் எழுதவும், கிரெடிட் நோட் என்றால் என்ன என்று புதுப் பையனுக்கு விளக்கவும் நன்றாகவே போதும். அந்த விஷயங்கள் செப்டம்பர் 22 அன்று மாறவில்லை.

மருந்துக் கடையோ ஹார்டுவேர் கடையோ வைத்திருப்பவர் ஆயிரக்கணக்கான பொருளுக்கு இப்படி அட்டவணை போட முடியுமா என்று கேட்கலாம். விற்பனையில் பெரும்பகுதி எந்தப் பொருள்களில் வருகிறதோ அவற்றுக்கு முதலில் போடுங்கள். மற்றவற்றுக்குத் தேடல் இருக்கட்டும், ஆனால் பதிலோடு பொருளின் பெயர் இருக்கும் வரியையும் அறிவிக்கை எண்ணையும் அப்படியே எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். காட்ட முடியாத பதிலில் பில் போடக் கூடாது.

வாங்குவதற்கு முன் சோதித்துப் பார்க்க நல்ல கேள்விகள் தேதியின் இரண்டு பக்கமும் நிற்பவை. பள்ளி நோட்டுக்கு இன்றைக்கு என்ன, 2025 செப்டம்பர் 10 அன்று என்ன? ரெஜிஸ்டருக்கு அதே இரண்டு நாளிலும் என்ன? நெய்க்கு? 1,500 ரூபாய்ச் செருப்புக்கு? செருப்பில் முன்பு 1,000 ரூபாய் வரை 12, அதற்கு மேல் 18 என்று இருந்தது. இப்போது 2,500 வரை 5. ஆகவே 1,500 ரூபாய்ச் செருப்புக்கு அந்த இரண்டு நாளுக்கும் 18, 5 என்று வெவ்வேறு பதில் வர வேண்டும். ரெஜிஸ்டருக்கு இரண்டு நாளும் 18 வர வேண்டும். மாறாததையும் மாறியதாகச் சொல்கிறதா என்று அதில் தெரிந்துவிடும். பதில் தவறினால் தேடல் பதிவைத் திறந்து, எந்தச் சொல்லைப் போட்டுத் தேடியது, எந்தப் பக்கத்தை எடுத்தது என்று பாருங்கள். தேடவே இல்லையா, பழைய பக்கம் வந்ததா, சரியான பக்கத்தைத் தவறாகப் படித்ததா என்று அங்கே தெரியும். அந்த மூன்றுக்கும் மருந்து வேறு வேறு.

சோதனையில் சிகரெட்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எல்லாம் செப்டம்பர் 22 அன்று மாறியபோது பான் மசாலா, குட்கா, சிகரெட் வகையறா அன்று மாறவில்லை. பழைய விகிதமும் செஸ்ஸும் அப்படியே தொடரும், பின்னால் வேறொரு தேதி அறிவிக்கப்படும் என்று அதே கவுன்சில் முடிவிலேயே இருந்தது. எல்லாப் பொருளுக்கும் ஒரே தேதி என்று எண்ணி அட்டவணைக்கு மேலே தலைப்பில் மட்டும் செப்டம்பர் 22 என்று எழுதி வைத்திருந்தால் இந்த ஒரு பொருளில் மாட்டிக்கொள்வீர்கள். தேதிப் பத்தி ஒவ்வொரு வரிக்கும் தனித்தனியாக இருக்க வேண்டும்.